அழுததை எழுதியாயிற்று, அடுத்தது என்ன? – ஓர் ஆய்வேட்டின் கலந்துரையாடல் பகுதியைத் திருத்துதல்

“இது விவரிப்பு. பகுப்பாய்வு இல்லை. மீண்டும் எழுதவும்.”

பல்கலைக்கழக இறுதியாண்டில் ஆய்வேடு எழுதிய பலருக்கு இந்தக் குறிப்பு பழக்கமானது. பெரும்பாலும் ‘கலந்துரையாடல்’ என்ற அத்தியாயத்தின் ஓரத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும். எதைத் திருத்த வேண்டும் என்று அந்தக் குறிப்பு சொல்லும், எப்படித் திருத்துவது என்று சொல்லாது. ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்று இப்போது சுயாதீன ஊடகவியலாளராக வேலைசெய்யும் எனக்கு, இப்படித் திரும்பி வந்த அத்தியாயங்களை ஒவ்வோர் ஆண்டும் சிலர் அனுப்புகிறார்கள். அண்மையில் வந்த ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதன் விடயம் நம் எல்லோருக்கும் நெருக்கமானது. பகுப்பாய்வு என்றால் என்ன என்பதை அதனூடாக விளக்குவதும் எளிது.

வன்னியைச் சேர்ந்த அந்த மாணவி எடுத்துக்கொண்ட தலைப்பு, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் ஆரம்பித்த தொடர் போராட்டம் பற்றியது. அந்தப் போராட்டத்தை ஒரு தமிழ் நாளிதழ் எவ்வாறு செய்தியாக்கியது என்பதே அவளுடைய கேள்வி. அவளுடைய மாமா காணாமல் ஆக்கப்பட்டவர். அம்மம்மா அந்தக் கொட்டகையில் இருந்தவர். மேற்பார்வையாளரின் குறிப்பைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது இதுதான்: “அக்கா, அம்மம்மா அழுததை எழுதினால் அது விவரிப்பு எண்டால், பிறகு நான் என்னத்தைத்தான் எழுதிறது?”

நியாயமான கேள்வி. நடந்ததை நடந்தபடி பதிவுசெய்வது நம் மக்களுக்குச் சிறிய வேலையல்ல. அதை யாரோ ஒருவர் ‘விவரிப்பு மட்டும்தான்’ என்று எழுதும்போது, நடந்தது முக்கியமில்லை என்று சொல்வதுபோல இருக்கும். ஆனால் அந்தக் குறிப்பின் பொருள் அதுவல்ல. விவரிப்பு தவறு என்று அது சொல்லவில்லை. விவரிப்புக்குரிய இடம் முந்திய அத்தியாயம் என்றுதான் சொல்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அவளுடைய ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. ஆகவே கீழே வரும் எண்கள் அவளுடையவை அல்ல. கணக்கு விளங்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட மாதிரி எண்கள் அவை. எந்தப் பத்திரிகையையும் அவை குறிக்கவில்லை.

இரண்டு அத்தியாயங்கள், இரண்டு வேலைகள்

சமூக அறிவியல் ஆய்வேடுகளில் ‘பெறுபேறுகள்’ என்று ஒரு பகுதியும் ‘கலந்துரையாடல்’ என்று இன்னொரு பகுதியும் இருக்கும். பெறுபேறுகள் பகுதி “என்ன கண்டேன்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. எத்தனை செய்திகள், யார் பேசினார்கள், எந்தச் சொற்கள் வந்தன என்பவற்றுக்கு அங்கே இடம். கலந்துரையாடல் பகுதி “கண்டதற்கு என்ன அர்த்தம், அந்த அர்த்தத்தை ஏன் நம்ப வேண்டும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாணவி 80 செய்திகளைச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் யாருடைய கூற்று முதலில் வருகிறது என்று பதிந்திருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். கலந்துரையாடலில் அவள் எழுதிய பந்தி இப்படி இருக்கிறது:

“மொத்தம் 80 செய்திகளில் 44 செய்திகளில் அரசியல்வாதிகளின் கூற்றே முதலில் இடம்பெற்றுள்ளது. 24 செய்திகளில் உறவினர்களின் கூற்று முதலில் இடம்பெற்றுள்ளது. ஏனைய 12 செய்திகளில் மதத் தலைவர்கள், அமைப்புகளின் பிரதிநிதிகள், அரச அதிகாரிகள் ஆகியோரின் கூற்றுகள் முதலில் காணப்படுகின்றன. இதிலிருந்து அரசியல்வாதிகளுக்கு அதிக முக்கியத்துவம் வழங்கப்பட்டுள்ளமை தெளிவாகிறது. ஸ்டுவர்ட் ஹோலின் கோட்பாட்டுடன் இது ஒத்துப்போகிறது. ஊடகங்கள் பாதிக்கப்பட்ட மக்களின் குரலாக இருக்க வேண்டும்.”

பந்தியில் பிழையான வசனம் எதுவும் இல்லை. ஆனாலும் மேற்பார்வையாளர் அதைத் திருப்பி அனுப்பியது சரிதான். ஏன் என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரண்டு நிறப் பேனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெறுபேறுகள் அத்தியாயத்தில் ஏற்கனவே உள்ள விடயத்தைத் திரும்பச் சொல்லும் வசனங்களுக்குக் கீழே ஒரு நிறத்தில் கோடிடுங்கள். இந்த ஆய்வைச் செய்யாமலேயே எழுதியிருக்கக்கூடிய வசனங்களுக்கு மற்ற நிறத்தில் கோடிடுங்கள். கோடு விழாமல் எஞ்சும் வசனங்கள்தான் உங்கள் கலந்துரையாடல்.

மேலுள்ள பந்தியில் முதல் மூன்று வசனங்களும் பெறுபேறுகளில் உள்ளவை. நான்காவது வசனம் ‘தெளிவாகிறது’ என்று முடிவதால் பகுப்பாய்வுபோலத் தெரிகிறது. ஆனால் 44 என்பது 24 ஐ விடப் பெரியது என்பதைத்தான் அதுவும் சொற்களில் சொல்கிறது. கடைசி வசனத்தை ஒரு செய்தியையும் வாசிக்காமலேயே எழுதலாம். ஹோலைப் பற்றிய வசனம், எது எதோடு எப்படி ஒத்துப்போகிறது என்று சொல்லாமல் ஒரு பெயரை மட்டும் நிறுத்திவிட்டுப் போகிறது. கோடிட்டு முடித்ததும் எதுவும் எஞ்சவில்லை.

நம் ஆய்வேட்டுத் தமிழில் இன்னுமோர் அடையாளமும் உண்டு. ஒரு பக்கத்தில் எல்லா வசனங்களும் ‘இடம்பெற்றுள்ளது’, ‘காணப்படுகிறது’, ‘அவதானிக்கப்பட்டது’ என்றே முடிந்தால் அந்தப் பக்கம் விவரிப்பாகவே இருக்கும். பகுப்பாய்வுப் பக்கத்தில் ‘ஏனெனில்’, ‘ஆனால்’, ‘அப்படியானால்’, ‘இருந்திருக்க வேண்டும்’ என்ற சொற்கள் தாமாகவே வந்துவிடும். அவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து செருகுவதால் பயனில்லை. அவை வரவேண்டிய தேவை எழுத்தில் உண்டாக வேண்டும்.

கோபம் பகுப்பாய்வு ஆகாது

முதலாவது பந்தி திரும்பி வந்ததும் பலர் நேரெதிர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். இந்த மாணவியின் இரண்டாவது முயற்சி இப்படித் தொடங்கியது: “இந்தப் பத்திரிகை தாய்மாரைத் திட்டமிட்டுப் புறக்கணித்தது. அவர்களுடைய கண்ணீரை விற்று அரசியல்வாதிகளுக்கு மேடை அமைத்துக் கொடுத்தது.”

இதில் உணர்ச்சி இருக்கிறது, அந்த உணர்ச்சிக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் ‘திட்டமிட்டு’ என்ற சொல்லுக்கு அவளிடம் சான்று இல்லை. அவள் படித்தது அச்சான செய்திகளை மட்டுமே. ஆசிரிய பீடத்தில் யார் என்ன நினைத்தார்கள் என்பதைச் செய்தியின் எழுத்து காட்டாது. அதை அறிய ஆசிரியர்களிடமும் செய்தியாளர்களிடமும் பேசியிருக்க வேண்டும்.

விவரிப்பைவிடக் கடுமையான சொற்களில் எழுதுவது பகுப்பாய்வு என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. பகுப்பாய்வுக் கூற்றின் இயல்பு வேறு. தவறாக இருக்கக்கூடிய ஒரு கூற்றை நீங்கள் முன்வைக்கிறீர்கள். அது தவறென்றால் தரவில் என்ன தெரிந்திருக்கும் என்று சொல்கிறீர்கள். பிறகு தரவைத் திறந்து பார்க்கிறீர்கள். “80 இல் 44” என்பது தவறாக முடியாது, அது எண்ணிக்கை. “ஊடகங்கள் மக்களின் குரலாக இருக்க வேண்டும்” என்பதும் தவறாக முடியாது, அது விருப்பம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் கலந்துரையாடலுக்குரியது.

முதல் வேலை: எண்ணைப் பிரிப்பது

44 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது எதுவும் சொல்லாது. அதைப் பிரிக்க வேண்டும். எதைக் கொண்டு பிரிப்பது? செய்தித்துறையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். தொடர் போராட்டம் ஒன்று நூறு நாட்கள் நடந்தால் நூறு நாட்களும் செய்தி வராது. செய்தி எழுத ஒரு சந்தர்ப்பம் தேவைப்படும். யாராவது வந்து பார்ப்பார்கள், அல்லது நூறாவது நாள் வரும், அல்லது ஓகஸ்ட் 30 ஆம் திகதி சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினம் வரும். சில நாட்களில் இவை எதுவும் இல்லாமல் போராட்டக்காரர்களே ஒரு விடயத்தைச் சொல்லி, அது செய்தியாகும்.

ஆகவே 80 செய்திகளையும் சந்தர்ப்பத்தின்படி மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். அதற்குப் புதிய தரவு சேகரிக்கத் தேவையில்லை. ஏற்கனவே கையில் இருக்கும் செய்திகளின் முதல் இரண்டு பந்திகளை மீண்டும் வாசித்தால் போதும். நம் மாதிரிக் கணக்கில், அரசியல்வாதியோ வேறு முக்கியஸ்தரோ வந்த நாட்களின் செய்திகள் 40. நினைவு நாள், நூறாவது நாள் போன்ற சிறப்பு நாட்களின் செய்திகள் 22. போராட்டக்காரர்கள் மட்டுமே இருந்த சாதாரண நாட்களின் செய்திகள் 18.

இப்போது உறவினர்களின் கூற்று முதலில் வந்த 24 செய்திகளும் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். முக்கியஸ்தர் வந்த நாட்களில் 40 இல் 4. சிறப்பு நாட்களில் 22 இல் 9. சாதாரண நாட்களில் 18 இல் 11.

படம் மாறிவிட்டது. இந்தப் பத்திரிகை எப்போதும் உறவினர்களைப் பின்னால் தள்ளவில்லை. அவர்கள் மட்டும் இருந்த நாட்களில் பாதிக்கும் மேற்பட்ட செய்திகள் அவர்களுடைய பேச்சோடு தொடங்குகின்றன. வேறொருவர் வந்த நாளில் அது பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆக, “அரசியல்வாதிகளுக்கு அதிக முக்கியத்துவம்” என்ற முடிவின் இடத்தில் கூர்மையான ஒரு கூற்று கிடைக்கிறது: செய்திக்கான சந்தர்ப்பத்தை யார் உண்டாக்குகிறாரோ அவரே முதலில் பேசுகிறார். இந்தக் கூற்று தவறாக இருக்கலாம். அதனால்தான் இது பகுப்பாய்வின் தொடக்கம்.

ஒப்பிடாமல் எழுதிய கலந்துரையாடல் எப்போதும் விவரிப்பாகவே முடியும். ஒப்பீடு நாட்களுக்கிடையில் இருக்கலாம், பத்திரிகைகளுக்கிடையில் இருக்கலாம், ஆண்களின் பேச்சுக்கும் பெண்களின் பேச்சுக்கும் இடையிலும் இருக்கலாம். எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்று தீர்மானிப்பதுதான் இதில் சிந்தனை தேவைப்படும் இடம். மாணவி தெரிவுசெய்த ஒப்பீடு ஏன் பொருத்தமானது என்பதையும் இரண்டு வசனங்களில் எழுதச் சொன்னேன்.

இரண்டாவது வேலை: எதிர்க் காரணங்களை அழைப்பது

சந்தர்ப்பத்தை உண்டாக்குபவரே முதலில் பேசுகிறார் என்று சொன்னவுடன், விவரம் தெரிந்த வாசகர் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்பார். அவர் கேட்பதற்கு முன்பு நீங்களே கேட்டுப் பதில் எழுத வேண்டும்.

முதலாவது கேள்வி செய்தி எழுதும் முறை பற்றியது. புதிய விடயத்தை முதல் பந்தியில் வைப்பது செய்தியெழுத்தின் வழமை. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் வந்தால் அவர் வந்ததுதான் அன்றைய புதிய விடயம். ஆகவே அவர் முதலில் வருவதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வழமை மட்டுமே காரணம் என்றால் உறவினர்களின் கூற்று இரண்டாவது, மூன்றாவது பந்திகளிலாவது இருந்திருக்க வேண்டும். வரிசை மாறியிருக்குமே தவிர, கூற்று காணாமல் போயிருக்காது. அந்த 40 செய்திகளையும் முடிவுவரை வாசித்ததில், உறவினர்களின் கூற்று எங்காவது ஓரிடத்தில் உள்ள செய்திகள் 15 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 25 இல் அவர்கள் சொன்னதாக ஒரு வசனமும் இல்லை. “கண்ணீர்மல்க நின்றனர்”, “கதறி அழுதனர்” என்று அவர்களுடைய செயல் மட்டும் இருக்கிறது. ஆக, செய்தி எழுதும் வழமை வரிசையை விளக்குகிறது. பேச்சு முற்றாக இல்லாமல் போனதை அது விளக்கவில்லை.

மாணவியின் முதல் பந்தியில் இல்லாத கண்டுபிடிப்பு இதுதான். அம்மம்மாவின் அழுகை செய்தியில் இருக்கிறது, அவர் பேசியது இல்லை. யாரைத் தேடுகிறார், எந்த நாளில் எங்கே யாரிடம் கையளித்தார் என்பவை அந்தப் பேச்சில்தான் இருந்திருக்கும். போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பகுதியில் தங்கள் பிள்ளைகளைப் படையினரிடம் கையளித்ததாக உறவினர்கள் பலர் தொடர்ந்து கூறிவருகிறார்கள். அந்த விபரம் இல்லாமல் அழுகை மட்டும் அச்சாகும்போது, கேள்வி கேட்டு வந்தவர் துயரத்தின் படமாக மட்டும் நின்றுவிடுகிறார்.

இரண்டாவது கேள்வி: வெளியார் இருந்தபோது உறவினர்களே பேசத் தயங்கியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆனால் சாதாரண நாட்களில் அதே பத்திரிகையின் செய்தியாளரிடம் அவர்கள் பேசியிருக்கிறார்கள். ஆகவே பத்திரிகையோடு பேசுவதில் பொதுவான தயக்கம் இருந்தது என்ற விளக்கம் பலவீனமடைகிறது. கூட்டத்தின் நடுவில், அல்லது புலனாய்வாளர்கள் படமெடுக்கும்போது தயக்கம் வந்திருக்குமா என்பதைச் செய்திகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்தக் காரணம் பலவீனமடைந்தது, ஆனால் நீங்கவில்லை என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது கேள்வி களத்தில் வேலை செய்பவர்களிடமிருந்து வரும். செய்தியாளர் அந்த இடத்துக்குப் போகாமல், முக்கியஸ்தரின் அலுவலகம் அனுப்பிய ஊடக அறிக்கையை வைத்தே செய்தி எழுதியிருக்கலாம். வெளியாகும் செய்திக்கு ஏற்பக் கொடுப்பனவு பெறும் பகுதிநேரப் பிராந்தியச் செய்தியாளருக்கு ஒவ்வொரு நாளும் கொட்டகைக்குப் போய்வருவது எளிதல்ல. இதற்கும் எழுத்தில் ஒரு தடயம் கிடைக்கும். ஒரே நாளில் வேறொரு பத்திரிகையில் வந்த செய்தியை அருகில் வைத்துப் பார்த்தால், வசனங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே அறிக்கையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். மாணவி ஒரு பத்திரிகையை மட்டுமே எடுத்திருந்தாள். ஆகவே இந்தக் காரணம் சோதிக்கப்படாமல் இருக்கிறது. எப்படிச் சோதிக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆய்வுக்கு விட வேண்டும்.

மூன்று எதிர்க் காரணங்களுக்கும் மூன்று விதமான முடிவு கிடைத்ததைக் கவனியுங்கள். ஒன்று பாதியை விளக்கியது, ஒன்று பலவீனமடைந்தது, ஒன்று சோதிக்கப்படவில்லை. எல்லா எதிர்க் காரணங்களையும் தோற்கடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்று நேர்மையாகச் சொன்னால் போதும். மேற்பார்வையாளர்கள் தேடுவதும் இதைத்தான்.

மூன்றாவது வேலை: கோட்பாட்டை எண்களோடு பேசவிடுவது

ஸ்டுவர்ட் ஹோலும் அவருடைய சகாக்களும் 1978 இல் வெளியிட்ட ‘பொலிசிங் த கிரைசிஸ்’ என்ற நூலில், பிரித்தானியப் பத்திரிகைகள் வழிப்பறிக் குற்றங்களைச் செய்தியாக்கிய விதத்தை ஆராய்ந்தார்கள். பொலிஸார், நீதிபதிகள், அமைச்சர்கள் போன்ற அதிகார நிறுவனங்களைச் சேர்ந்தவர்களிடம் செய்தியாளர் முதலில் போகிறார். அதனால் ஒரு விடயம் எதைப் பற்றியது என்று முதலில் வரையறுக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது. பின்னால் பேசுபவர்கள் அந்த வரையறைக்குள் நின்றே பேச வேண்டியிருக்கிறது. இவர்களை முதன்மை வரையறுப்போர் என்று அவர்கள் அழைத்தார்கள்.

“ஹோலின் கோட்பாட்டுடன் ஒத்துப்போகிறது” என்று எழுதும்போது எது ஒத்துப்போகிறது என்று சொல்ல வேண்டும். அதைவிடப் பயனுள்ளது எது ஒத்துப்போகவில்லை என்று தேடுவது. நம் மாதிரி எண்களில், ‘ஏனையோர்’ 12 பேரில் அரச அதிகாரிகள் 3 பேர் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஹோலின் பிரித்தானியாவில் அரச நிறுவனங்கள் முதலில் பேசின. இங்கே இந்தத் தமிழ்ப் பத்திரிகையில் அரசு அநேகமாக முதலில் பேசவேயில்லை. முதலில் பேசிய 44 பேரில் பெரும்பாலானோர் தமிழ் அரசியல்வாதிகள். அவர்கள் அரசின் பேச்சாளர்கள் அல்லர், உறவினர்களுக்கு ஆதரவு தெரிவிக்க வந்தவர்கள்.

இந்த வேறுபாட்டை மறைத்து எழுதினால் கோட்பாடும் கெட்டுவிடும், தரவும் கெட்டுவிடும். வெளிப்படையாக எழுதினால் ஆய்வின் மிக வலுவான வசனம் கிடைக்கிறது: பாதிக்கப்பட்டவர்களின் சார்பில் பேச வந்தவர்களும், செய்தியில் அவர்களுடைய இடத்தில் பேசுபவர்களாக மாறலாம். அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, செய்தியின் அமைப்பே போதும். இந்த வசனத்தை வாசிக்கும் ஓர் ஆசிரியரோ அரசியல்வாதியோ கோபப்படாமல் யோசிக்க முடியும். “கண்ணீரை விற்றது” என்ற வசனத்தை வாசித்தால் அது நடக்காது.

எவ்வளவு சொல்லலாம் என்பதற்கும் சொற்கள் உண்டு

18 என்பது சிறிய எண். வகைப்படுத்தியவரும் மாணவி ஒருத்தியே. அப்படியானால் 18 இல் 11 என்பதை எவ்வளவு நம்பலாம்? இன்னொருவர் அதே செய்திகளை வகைப்படுத்தி, மூன்றை வேறுவிதமாகப் பதிந்தார் என்று எடுத்துக்கொள்வோம். அப்போதும் அது 18 இல் 8. முக்கியஸ்தர் வந்த நாட்களின் 40 இல் 4 என்பதோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. இந்தச் சிறு கணக்கை எழுதிவிட்டால் “மாதிரி சிறியது” என்ற ஆட்சேபத்துக்கு ஓரளவு பதில் கிடைத்துவிடும். சிறப்பு நாட்களின் 22 இல் 9 என்பதை வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் சொல்லாமல் விடுவது நல்லது. அது சாதாரண நாட்களின் எண்ணுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

தமிழில் உறுதியின் அளவைக் காட்டும் சொற்கள் இருக்கின்றன. ‘நிரூபிக்கிறது’ என்பதை இத்தகைய ஆய்வில் பயன்படுத்தக் கூடாது. எண்ணிக்கைக்கு நேரடியாகத் தெரிவதற்குக் ‘காட்டுகிறது’ என்று எழுதலாம். அதிலிருந்து ஒரு படி தள்ளி ஊகிக்கும்போது ‘என்று கருத இடமிருக்கிறது’ என்பது பொருந்தும். பத்திரிகையின் நோக்கம் பற்றியும், வாசகர்கள் அந்தச் செய்தியை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது பற்றியும் இந்த ஆய்வில் எந்தச் சொல்லுக்கும் இடமில்லை. இரண்டையும் அறிய வேறு ஆய்வு வேண்டும்.

திருத்திய பந்தி

இத்தனைக்கும் பிறகு பந்தி ஏறக்குறைய இப்படி அமையும்:

“உறவினர்களின் பேச்சு எல்லா நாட்களிலும் ஒரே அளவில் பின்தள்ளப்படவில்லை. போராட்டக்காரர்கள் மட்டும் இருந்த நாட்களின் 18 செய்திகளில் 11 அவர்களுடைய கூற்றோடு தொடங்குகின்றன. முக்கியஸ்தர் வந்த நாட்களின் 40 செய்திகளில் 4 மட்டுமே அவ்வாறு தொடங்குகின்றன. புதிய விடயத்தை முதலில் வைக்கும் செய்தி வழமை இந்த வரிசை மாற்றத்தை விளக்கலாம். ஆனால் அந்த 40 இல் 25 செய்திகளில் உறவினர்களின் கூற்று எந்த இடத்திலும் இல்லை, அவர்களுடைய அழுகை மட்டுமே பதிவாகியுள்ளது. வரிசை வழமை இதனை விளக்கவில்லை. எனவே சந்தர்ப்பத்தை உண்டாக்கியவர் முதலில் பேசுவதோடு நில்லாமல், உறவினர்களுக்குப் பதிலாகவும் பேசுகிறார் என்று கருத இடமிருக்கிறது. வழிப்பறிச் செய்திகள் பற்றி ஹோலும் சகாக்களும் விவரித்த முதன்மை வரையறுப்போர் பெரும்பாலும் அரச நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். இங்கே அந்த இடத்தில் இருப்பவர்கள் பாதிக்கப்பட்டோருக்கு ஆதரவான அரசியல்வாதிகள். செய்திகள் ஊடக அறிக்கைகளிலிருந்து எழுதப்பட்டனவா என்பதை ஒரு பத்திரிகையை மட்டும் கொண்டு சோதிக்க முடியவில்லை.”

நிறப் பேனாவை மீண்டும் எடுத்துப் பாருங்கள். எண்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஒரு கூற்றுக்குச் சான்றாக வந்திருக்கிறது. இந்த ஆய்வைச் செய்யாமல் எழுதியிருக்கக்கூடிய வசனம் ஒன்றும் இல்லை.

அம்மம்மாவின் வார்த்தைகள் எங்கே போகும்?

மாணவியின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் வெட்ட மறுத்த இரண்டு பக்கங்கள் இருந்தன. கொட்டகையில் அம்மம்மாவும் மற்றவர்களும் சொன்னவற்றை அவள் நேரில் கேட்டு எழுதியவை அவை. அவற்றை வெட்டச் சொல்லி நான் சொல்லவில்லை, மேற்பார்வையாளரும் சொல்லவில்லை. அவை பெறுபேறுகள் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். பேசியவர்களின் சம்மதம் பெற்று, பெயரும் ஊரும் அடையாளம் தெரியாதபடி மாற்றி, அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே அங்கே இருக்க வேண்டும். கலந்துரையாடலில் அந்தப் பக்கங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது கையில் இருப்பதால்தான், அந்த 25 செய்திகளில் என்ன விடுபட்டது என்று சொல்ல முடிகிறது. நாள், இடம், கையளிக்கப்பட்டவரின் பெயர் என்று விடுபட்டவற்றை ஒன்றொன்றாகக் காட்டலாம்.

தன் குடும்பமும் இந்தக் கதைக்குள் இருக்கிறது என்பதை அவள் மறைக்க வேண்டியதில்லை. ஆய்வு முறை அத்தியாயத்தில் ஒரு பந்தியில் அதைச் சொல்லி, அதனால் வகைப்படுத்தலில் சாய்வு வராமல் இருக்க என்ன செய்தாள் என்றும் எழுதலாம். ஒரு நண்பியிடம் இருபது செய்திகளைக் கொடுத்து, தன் பதிவைக் காட்டாமல் தனியாக வகைப்படுத்தச் சொல்லி, இருவருடைய பதிவுகளும் எத்தனை இடங்களில் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது நடைமுறையில் முடிந்த வழி. ஒத்துப்போகாத இடங்களை இருவரும் பேசித் தீர்த்து, விதியைத் திருத்தி எழுதிவிட்டு மீதியைத் தொடரலாம்.

அவள் இப்போது அந்த இருபது செய்திகளோடு இருக்கிறாள். சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. “கூற்று” என்று எதை எண்ணுவது என்பதில் நண்பியோடு ஏற்கனவே முரண்பாடு வந்துவிட்டதாம். “எங்கட பிள்ளையளைத் தாங்கோ” என்று கதறியதைச் செய்தியாளர் அப்படியே எழுதியிருந்தால் அது அழுகையா, கூற்றா? அது ஒரு கோரிக்கை என்பதால் கூற்று என்றே பதிய வேண்டும் என்று இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள். அந்த விதியை எழுதிவிட்டு, 25 என்ற எண்ணை முதலிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கியிருக்கிறாள்.